பதினேழாம் லாட்டின் ரசீதுகள்

எனக்கு அவள் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வயசாகிவிட்டது, இனி யாருக்கு நல்ல பெயர் வாங்கிக் காட்டவேண்டும்? பொறாமை என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதிலிருந்து வரும் வாசனைகூட எனக்குப் பிடிக்காது. நல்ல வாசனை என்பதால்தான் பிடிக்காது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். ஓசூரில் இப்போது இருக்கிற கம்பெனிகளில் பாதிக்குமேல் அப்போது கிடையாது. ஊருக்கு வெளியே பாகலூர் ரோட்டில் ஒரு தகர ஷெட்டும் இரண்டு அறைகளும் சேர்ந்த இடத்தில், மைசூர் பக்கத்து முதலாளி ஒருவருடைய பட்டு முட்டை நிலையம் இருந்தது. பட்டுப்பூச்சிகளை முட்டையிட வைத்து, அந்த முட்டைகள் ஒட்டிய அட்டைகளை விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் வேலை. அட்டையை வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் புழு பொரிக்க வைத்து, மல்பெரி இலை போட்டு வளர்த்து, கூடு கட்ட வைத்து விற்பார்கள். ஒரே நாளில் ஒரே கும்பல் பூச்சிகள் இட்ட முட்டைகளுக்கு ஒரு நம்பர் போடுவோம். அதற்கு லாட் என்று பெயர். நான் அங்கே குமாஸ்தா. நாலு வருஷமாக நான் ஒருத்திதான் குமாஸ்தா.

ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பேரிகை என்று நாலு இடங்களில் எங்களுக்கு முட்டை கொடுக்கும் மையம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருப்பார். அட்டை கொடுக்கும்போது ரசீது போடுவார். மேல்தாள் விவசாயிக்கு, கார்பன் நகல் புத்தகத்திலேயே இருக்கும். புத்தகம் தீர்ந்ததும் எனக்கு வந்துசேரும். நான் எல்லாவற்றையும் பெரிய பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் நாலு மையத்துக்கும் நாலு அச்சகத்தில் அடித்த புத்தகம். ஒன்றில் ‘லாட் நம்பர்’ என்று இருக்கும். இன்னொன்றில் அதையே ‘தொகுதி’ என்று போட்டிருப்பார்கள். பேரிகை புத்தகம் எல்லைக்கு அந்தப் பக்கம் அடித்தது, தலைப்பு எல்லாம் கன்னடத்தில். ஒருவர் முட்டை எவ்வளவு என்று எழுதுவார், இன்னொருவர் அட்டை எத்தனை என்று எழுதுவார். நான் வந்ததை வந்தபடி ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது. எனக்கு மட்டும்தான் புரிந்தது என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேனேஜரோடு கன்னடம். என்னைவிட ஐந்து வயசு சின்னவள். வந்த இரண்டாம் வாரம் பெரிய தாளில் ஏழு கட்டம் கோடு போட்டு, மேலே ஏழு தலைப்பு எழுதிச் சுவரில் ஒட்டினாள். ரசீது எண், தேதி, பெயர், ஊர், மையம், லாட் எண், முட்டைத் தொகை.

“அக்கா, ரசீதுல என்ன பேர் போட்டிருந்தாலும் நம்ம பதிவேட்டுல இந்த ஏழு பேர்தான் இருக்கணும். அவங்க தொகுதின்னு போட்டாலும் நாம லாட் எண்ணுலதான் ஏத்தணும். அட்டைன்னு போட்டா எத்தனை முட்டைன்னு கணக்குப் பண்ணி ஏத்திருவோம். ஒரே மாதிரி இருந்தா யார் வேணும்னாலும் தேடலாம் இல்லீங்களா?”

யார் வேண்டுமானாலும் தேடலாமாம். அப்படியானால் நான் எதற்கு?

இன்னொன்றும் செய்தாள். தனியாக ஒரு நோட்டு வைத்தாள். மேலே ‘தேறாத ரசீதுகள்’ என்று எழுதியிருந்தாள். கார்பன் மங்கி எழுத்து தெரியாதது, லாட் எண் எழுதாமல் விட்டது, ஒரே எண்ணில் இரண்டு ரசீது வந்தது என்று ஏற்ற முடியாத ஒவ்வொன்றையும் அதில் எழுதுவாள். ரசீது எண், ஏன் தேறவில்லை, யாரைக் கேட்கவேண்டும், கேட்டு என்ன பதில் வந்தது. ஒன்றையும் தானாக யூகித்து நிரப்பமாட்டாள். அந்த நோட்டைப் பார்த்து மேனேஜர், “பேஷ், பேஷ்! இதல்லவா கெலசா! வேலைன்னா இப்படி இருக்கணும்!” என்றார். நாலு வருஷத்தில் எனக்கு ஒரு பேஷ் கிடைத்ததில்லை. தேறாததை எல்லாம் எழுதிவைத்தால் பாராட்டு, தேற வைக்கிறவளுக்கு ஒன்றுமில்லை! மாதாவே, என் வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் பூச்சி பார்க்கும் மைக்ராஸ்கோப்பையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விவசாயிகள் சன்னலுக்கு வந்தால் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, “அந்தப் பாப்பா இல்லீங்களா?” என்பார்கள். நான் அவளுடைய அடிக்கோலை எடுத்து பீரோவுக்குப் பின்னால் போட்டேன். மூன்று நாள் தேடினாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. போட்டது போட்டதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஓசூர் விவசாயி ஒருவர் மூங்கில் தட்டில் கொஞ்சம் புழுக்களைக் கொண்டுவந்தார். ஒரே நாளில் பொரித்தவை, ஆனால் ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு. சிலதின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி. அவள் ஒரு புழுவை உரலில் அரைத்து, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மேனேஜரைப் பார்க்கச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“கண்டு ரோகா” என்றார் கன்னடத்தில்.

அது தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே புழுவுக்கு வரும் நோய். மருந்து கிடையாது. சீக்குப் புழுவின் எச்சம் பட்ட இலையைத் தின்றால் நல்ல புழுவுக்கும் வரும். அதனால்தான் முட்டையிட்ட பூச்சிகளை நசுக்கிப் பார்த்துவிட்டு முட்டையைக் கொடுப்பது வழக்கம். அந்த விவசாயி வாங்கியது பதினேழாம் லாட். அந்த லாட் போன நாளில் அவள் லீவு. அவசரத்துக்கு மேனேஜரே நாலைந்து பூச்சியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்.

செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதினேழாம் லாட் யார் யார் வீட்டுக்குப் போயிற்று என்று கண்டுபிடித்து, அந்தப் புழுக்களை எரித்து, வீட்டுக்கும் தட்டுக்கும் ஃபார்மலின் அடிக்கவேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அக்கம்பக்கம் எல்லாம் போகும். தவறான வீட்டுக்குப் போனால் அவர்களுடைய நல்ல புழு சாம்பல். அந்த லாட் கொடுத்த இரண்டு வாரத்தில் பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஐந்து லாட் போயிருந்தது. ரசீதுகள் அறுநூற்றுச் சொச்சம். ஒன்றும் பதிவேட்டில் ஏறியிருக்கவில்லை.

மேனேஜர் புத்தகங்களைப் பாதி பாதியாகப் பிரித்தார். ஓசூரும் பேரிகையும் அவளுக்கு. கெலமங்கலமும் தேன்கனிக்கோட்டையும் எனக்கு. “நாளை சாயங்காலத்துக்குள்ள பட்டியல் வேணும். சனிக்கிழமை காலைல ஜீப் போகணும்” என்றார். சுவரில் ஒட்டிய ஏழு தலைப்பைக் காட்டி, “ரெண்டு பேரும் இதேதான்” என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு மனசில் இருந்தது பட்டுப்புழு இல்லை, சீக்கு இல்லை. அவளுக்கு முன்னால் முடிக்கவேண்டும், ஒன்றுகூடத் தேறாமல் போகக்கூடாது. அவ்வளவுதான்.

வேகமாக முடிக்க எனக்கு ஒரு வழி தெரியும். கார்பன் நகல்களை பிளேடால் புத்தகத்திலிருந்து அறுத்து, ஊர்வாரியாக அடுக்கிவிடுவேன். ஒரே ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வந்துவிட்டால் ஊர்ப் பெயரை ஒரு தடவை எழுதினால் போதும், கை நிற்காமல் ஓடும். ஜீப்பும் ஊர் ஊராகத்தானே போகப்போகிறது? அதனால் மேனேஜருக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

அவள் அப்படிச் செய்யவில்லை. புத்தகத்தை விரித்துவைத்து, ஒன்றாம் ரசீதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தாள். ஆமை மாதிரி. நடுநடுவே தேறாத நோட்டை எடுப்பாள், எழுதுவாள், மூடுவாள். நான் ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டேயிருந்தேன். பன்னிரண்டு, பதினைந்து, இருபது. எண்ண எண்ண எனக்குக் குஷி.

மையத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு லாட் அட்டைக் கட்டைப் பிரித்தால் அது தீரும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் அதே லாட்தான். அதனால் முதல் ரசீதில் மட்டும் லாட் எண்ணை எழுதிவிட்டு, அடுத்த அடுத்த ரசீதுகளில் ‘மேற்படி’ என்று எழுதிவிடுவார்கள். தேன்கனிக்கோட்டை ஆள் அதில் மன்னன். பத்து ரசீதுக்கு எட்டு மேற்படி. நானும் எழுதிக்கொண்டே போனேன். மேற்படி வந்தால் அடுக்கில் அதற்கு மேலே இருந்த ரசீதின் எண்ணைப் போட்டேன். மேற்படி என்றால் மேலே இருப்பதுதானே. கை அதுபாட்டுக்கு எழுதியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் முடித்துவிட்டேன். பதினேழாம் லாட் நாற்பத்திரண்டு வீடு, ஊர்வாரியாக, அழகாக. தேறாதது ஒன்றுமில்லை. அவள் ஐந்தரைக்குத்தான் முடித்தாள். அவளிடம் தேறாதது முப்பத்தொன்று. ‘மேற்படி, ஆனால் முன் தாள் கிழிந்துள்ளது. மையத்து இருப்புப் புத்தகம் பார்க்கவும்.’ ‘மேற்படி, முன் ரசீது ரத்து. வீட்டில் அட்டை இருந்தால் அதிலுள்ள முத்திரை பார்க்கவும்.’ இப்படியே முப்பத்தொன்று.

மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தாளைத் தட்டினார். “ஒண்ணுகூட மிச்சமில்லியா? நோடு, இதைப் பாரு, அனுபவம்னா இதுதான்!” என்றார். அவளைப் பார்த்து, “முப்பத்தொண்ணு வீட்டுக்கு நான் யாரை அனுப்பறது?” என்று சிடுசிடுத்தார்.

எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. நாலு வருஷம் காத்திருந்த பேச்சு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் நான் ஆசை தீரப் பார்த்தேன்.

அவர் உள்ளே போனதும் அவள் என் மேசைக்கு வந்தாள். ஊர்வாரியாக அடுக்கிய என் நகல்களையும் பக்கத்தில் கிடந்த வெறும் அடிக்கட்டைகளையும் பார்த்தாள்.

“அக்கா, அறுத்துட்டீங்களா?”

“ஏன், அறுக்கக்கூடாதா?”

“இல்லீங்க… மேற்படின்னா பொஸ்தகத்துல முன்னாடி இருக்கறதுங்களே. ஊர் ஊரா அடுக்கினா மேல இருக்கறது வேற ரசீது ஆயிடுமே?”

நான் அடுக்கின் ஓரத்தைத் தட்டி நேராக்கினேன்.

“நம்பர் அச்சடிச்சுத்தானே இருக்குது. நம்பர்படி திருப்பி அடுக்கிட்டா போதும். நானும் உக்காந்துக்கறேன், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். சார்கிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன் அக்கா.”

அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் என்னை நான் ஏமாற்றிக்கொண்டதில்லை. அவள் சொன்னது சரி. ஆனால் திருப்பி அடுக்கினால் என் பட்டியல் மாறும். தேறாதது ஒன்றுமில்லை என்ற பேச்சு போய்விடும். அதுவும் அவள் உட்கார்ந்து உதவி செய்து! சார்கிட்ட சொல்லமாட்டாளாமே, பெரிய தயாள குணம்!

“உன்னோட முப்பத்தொண்ணை நீ மொதல்ல பாரு. எனக்குச் சொல்லித்தர வந்துட்டா பெரிசா. நீ பொறந்த வருசத்துல நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “சரிங்கக்கா. நீங்க பாத்திருப்பீங்க” என்று போய்விட்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கும் எனக்கு எரிச்சல்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று ஆட்களும் ஃபார்மலின் டின்களும் என் பட்டியலுமாக ஜீப் கெலமங்கலம் பக்கம் கிளம்பியது. அங்கே முடித்துக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் தேன்கனிக்கோட்டை. அவளுடைய பட்டியலுக்கு மேனேஜர் சைக்கிள் ஆட்களை அனுப்பினார். தேறாத முப்பத்தொன்றுக்கும் போய், கேட்டு வரச் சொன்னார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு என் நகல்களை எண்படி அடுக்கினேன். அவள் சொன்னதுபோலவே ஒரு மணி நேரம்தான் ஆனது. கெலமங்கலம் ஆள் லாட் எண்ணை ஒழுங்காக எழுதுகிறவர், அதில் பிசகில்லை. தேன்கனிக்கோட்டையில் ஒன்பது வீடு மாறிப்போயிருந்தது. ஐந்து வீட்டில் இருப்பது பதினாறாம் லாட், நல்ல புழு. அவர்களைப் பதினேழில் போட்டிருந்தேன். நாலு வீட்டில் இருப்பது பதினேழு. அவர்களை விட்டிருந்தேன்.

அந்த ஐந்தில் ஒரு பெயரை எனக்குத் தெரியும். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரத்து ஊர்க்காரி. நூறு முட்டை, எங்கள் கணக்கில் நூறு பூச்சி இட்டது. போன மாதம் எங்கள் ஆபீசுக்கே வந்து, நோயில்லாத முட்டைதானா என்று நூறு தடவை கேட்டுவிட்டுப் போனவள். அவள் புருஷனுக்கு மல்பெரியே ஆகாது. பிடுங்கிப் போட்டுவிட்டு ராகி போடலாம் என்று நின்றான். இந்த ஒரு தடவை கூடு கட்டட்டும், கட்டாவிட்டால் நானே பிடுங்கித் தருகிறேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். சன்னலில் என்னிடம் சொன்னாள். பிறகு உள்ளே வந்து கெலமங்கலத்துக்காரியிடமும் சொன்னாள். இவள் பூச்சி பார்க்கும் கண்ணாடியைக் காட்டித் தைரியம் சொல்லி அனுப்பினாள்.

மணி பதினொன்றரை. தேன்கனிக்கோட்டையில் தபாலாபீசில் டெலிபோன் உண்டு. ஒரு டிரங்க் கால் போட்டு, ஜீப் வந்தால் நிறுத்திவைக்கச் சொன்னால் போதும். தாள்களை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலுக்குப் போனேன்.

உள்ளே அவள் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷமாக அந்த அறையில் நான் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். ஒரு நாளும், உட்காரம்மா என்று அவர் சொன்னதில்லை. அவளுடைய தேறாத நோட்டை அவர் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றில் பாதி அதற்குள் தேறியிருந்தது. காலையில் முணுமுணுத்தவர் இப்போது சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்தாள்.

நான் திரும்பிவிட்டேன்.

அவள் எழுந்து போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் எழுந்து போனாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து, அப்படியே மூடிவைத்தேன். மூன்று மணிக்கு இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் ஜீப் வந்தது. ஆட்களின் மேல் ஃபார்மலின் வாடை. நாற்பத்திரண்டு வீடும் முடிந்தது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். முழங்காலில் இருக்கவே முடியவில்லை. பாதியில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். மேனேஜரிடம் போகாமல் ஏன் அங்கே போனேன் என்று கேட்டால், அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவாகப் பழக்கமில்லாத அந்தக் காட்டோரத்து ஊர்க்காரியிடம் சொல்வது லேசு என்று நினைத்தேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து இரண்டு மைல் நடை. அவள் வீட்டு வாசலில் கறுப்பாக ஒரு சாம்பல் வட்டம். கழுவிய தட்டுகளும், கூடு கட்ட வைக்கும் மூங்கில் சந்திரிகைகளும் சுவரில் சாய்ந்திருந்தன. வீட்டுக்குள்ளிருந்து ஃபார்மலின் வாடை கண்ணை எரித்தது. ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் அந்தப் பெண் பாய் எடுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோர்! எனக்கு!

“நேத்து உங்க ஆளுங்க வந்தப்ப நான் ஒத்துக்கலைங்கம்மா” என்றாள். “என் புழு நல்லாத்தானே இருக்குது, பாருங்க, மூணு தோலு உரிச்சிருச்சு, எல்லாம் ஒரே அளவா இருக்குதுன்னு அழுதேன். ரசீதைக் காட்டினேன். பட்டியல்ல இருக்குது, சீக்கு வெளிய தெரியாதும்மான்னாங்க.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ரசீதைக் காட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. லாட் எண்ணுக்கு நேரே ‘மேற்படி’ என்று எழுதியிருந்தது.

“அப்புறம் யோசிச்சுப் பாத்தா நல்லதாத்தான் போச்சு. விட்டிருந்தா அக்கம்பக்கம் எல்லாருக்கும் ஒட்டியிருக்கும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு? கண்டுபிடிச்ச உங்களுக்குப் புண்ணியம்” என்றாள். பிறகு குரல் மாறியது. “அந்த இன்னொரு பொண்ணு இருக்குதே, அது மேலதாங்க எனக்கு ஆத்தரம். கண்ணாடியெல்லாம் காட்டி, சீக்கே இருக்காதுன்னு சத்தியம் பண்ணாத குறையா அனுப்பிச்சுது. வாய்தான் இனிப்பு. அதை நம்பி நான் கெட்டேன்.”

சேசுவே, சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணின் மோரைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பற்றி ஒருத்தி கெட்டதாகப் பேசியது எனக்கு இனித்தது. ஊரெல்லாம் ‘அந்தப் பாப்பா, அந்தப் பாப்பா’ என்று கேட்டுக் காது புளித்துப் போயிருந்தவளுக்கு அது தேனாக இறங்கியது. அப்புறம்தான் என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

சொம்பைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பொண்ணு சொன்னது பொய் இல்லைம்மா. உங்க புழுவுக்குச் சீக்கே இல்லை. உங்களுது பதினாறாம் லாட். நல்ல முட்டை. நான்தான் ரசீதைக் கலைச்சுப் போட்டு பட்டியலைத் தப்பா எழுதினேன். தப்புன்னு அந்தப் பொண்ணு சொல்லியும் நான் கேக்கலை. நேத்து பதினொன்றரை மணிக்கே எனக்குத் தெரியும். அப்பவும் வாயத் திறக்கலை.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ரசீதை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“அப்போ சீக்கு யார் வூட்டுல?”

நாலு வீட்டின் பெயரையும் சொன்னேன். நாலும் அதே ஊர். முதல் பெயரைக் கேட்டதுமே அவள் தலை பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது. ஒரே சுவர். அந்தப் பக்கம் புழுக்கள் இலை தின்னும் சத்தம், மழைத் தூறல் மாதிரி, கேட்டுக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலமிருந்து என் தோட்டத்து எலை பூராவும் அங்கதான் அறுத்துக் கொடுக்கறேன்” என்றாள். “எனக்கு இனி எதுக்கு, அவங்களாவது நல்லா இருக்கட்டும்னு. எங்க வூட்டுக்காரரு அறுத்த செடியை வரிசையாப் பிடுங்கிட்டு வர்றாரு. போய்ப் பாருங்க, பாதித் தோட்டம் போச்சு.”

தோட்டத்துப் பக்கம் பார்த்தேன். ஒருவர் குனிந்து மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு அவரை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நானும் பின்னாலேயே போய் நாலு வீட்டிலும் நின்று சொன்னேன். ஒரு வீட்டில் மண்ணை வாரி என் மேல் எறிந்தார்கள். மறுநாள் மேனேஜரிடமும் சொன்னேன். ரசீது வேலை என் கையைவிட்டுப் போயிற்று. அது போகட்டும்.

ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு மைலும் தலையெல்லாம் மண்ணோடு பஸ்ஸுக்கு நடந்தபோது என் மனசில் என்ன இருந்தது என்று சொல்லாவிட்டால் இத்தனை எழுதியும் பிரயோஜனம் இல்லை. அந்த விவசாயப் பெண்ணை நான் நினைக்கவில்லை. என் பாவத்தையும் நினைக்கவில்லை. இந்நேரம் கெலமங்கலத்தில் தன் வீட்டில் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள், இந்த மாதிரி ஒரு ஊரிலிருந்து இந்த மாதிரி ஒரு நடை அவளுக்கு ஆயுசுக்கும் நடக்கவேண்டி வராது என்று நினைத்தேன். நினைத்து, அப்போதும், அங்கேயும், அவள் மேல் பொறாமைப்பட்டேன்.